ரெண்டுதரத்துக்கும் மூணுதரத்துக்கும் நடுவில்

"யோசிக்காத." இந்த ஒரு சொல்லை என்னிடம் சொன்னவர்களை நிறுத்தினால், குருசுக்குப்பத்தில் தொடங்கித் தேங்காய்த்திட்டுத் துறைமுகம் வரைக்கும் வரிசை நீளும். ஏதோ நான் ஆசைப்பட்டு, பாய் விரித்து உட்கார்ந்து யோசிப்பதுபோல. பல் வலிக்கிறது என்று சொன்னவளிடம் "வலிக்காத" என்று எவனாவது சொல்வானா? மனசு என்று வந்துவிட்டால் மட்டும் நம் ஆட்களுக்கு எங்கிருந்துதான் அத்தனை வைத்தியம் வருகிறதோ தெரியவில்லை.

நான் மீன் ஏலம் போடுகிறவள். படகில் வந்த மீனைத் தரையில் கொட்டியதும், சுற்றிலும் வியாபாரிகளும் கூடைக்காரப் பெண்களும் நிற்க, நடுவில் நின்று விலை கூவுவது என் வேலை. கேட்கிறவர்கள் ஏற்றிக்கொண்டே போவார்கள். ஏறுவது நின்றதும் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று சொல்லி முடிப்பேன். மூணுதரம் என்று என் வாய் சொல்லிவிட்டால் மீன் கைமாறிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் எந்தக் கொம்பனும் பேச முடியாது. இருபத்திரண்டு வருடமாக ஒரே விசைப்படகுக்காரருக்குத்தான் ஏலம் போடுகிறேன். அவர் என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்பார். நான் கூவினால் முகத்துவாரத்தில் நுழைகிற படகுக்கே கேட்கும் என்று ஏலத் தரையில் ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்குப் பெருமைதான். இல்லையென்று பொய் சொல்வானேன்?

அந்தத் தொண்டைதான் ஒரு மாசி மாதத்துக் காலையில் என்னைக் கைவிட்டது.

நல்ல வஞ்சிரம் அன்றைக்கு. இரண்டு வியாபாரிகள் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நின்றார். மற்றவரைப் பார்த்து ஒருதரம் சொன்னேன். ரெண்டுதரம் சொன்னேன். அவ்வளவுதான். நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல்கள் மரத்துப்போயின, மூச்சு பாதியில் நின்றுகொண்டது, கண்முன்னால் இருந்த மீனெல்லாம் தூரமாகப் போனது. "செத்தேடி நீ" என்று உள்ளே யாரோ சொன்னமாதிரி இருந்தது. மூணுதரம் என்ற சொல் வரவேயில்லை. ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த தரையிலேயே சேலையோடு உட்கார்ந்துவிட்டேன்.

நான் செத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அந்த இரண்டு மகராசன்களும் என் தலைக்கு மேலேயே சண்டை போடுகிறார்கள். ஒருவர், ஏலம் எனக்கு முடிந்துவிட்டது என்கிறார். மற்றவர், மூணுதரம் எங்கே சொன்னாள், நான் இன்னும் ஏற்றுவேன் என்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை, மீனுக்கு மட்டும் இரண்டு பேர். கடைசியில் படகுக்காரர்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், சர்க்கரை, தைராய்டு என்று ரத்தத்தில் என்னென்ன பார்க்க முடியுமோ எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணுமில்லம்மா" என்றார் டாக்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒன்றுமில்லாததற்கா நான் அத்தனை பேர் முன்னால் சேறும் செதிலுமாக உட்கார்ந்தேன்?

அந்த ஒன்றுமில்லாதது அதன்பிறகு நான்கு முறை வந்தது. நான்கும் ஏலத் தரையில்தான். கடைசி முறை வாயைத் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. பிறகு எனக்கு அதைவிட, அது வந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாகிப்போனது. ஷேர் ஆட்டோவில் ஏறினாலே நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பேன். அப்படியே ஒருநாள் போகாமல் இருந்தேன். அந்த ஒருநாள் இருந்த நிம்மதியில் மறுநாளும் இருந்தேன். ஒரு வாரத்தில், தேங்காய்த்திட்டு என்று யாராவது சொன்னாலே எனக்கு வியர்க்கத் தொடங்கியது.

வீட்டில் உட்கார்ந்ததும் வைத்தியர்கள் கிளம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். என் நாத்தனார் எங்கிருந்தோ ஒரு கயிறு கொண்டுவந்து கட்டினாள். அடுத்த தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சொல்தா, அதாவது பழைய பட்டாளத்துக்காரர், ஒருவர் இருக்கிறார், வாழ்நாளில் ஒரு பட்டாளத்துக்குத் தேவையான அத்தனை துப்பாக்கியையும் துடைத்துவைத்தவர். அவர் வந்து, பிரான்சில் இதற்கெல்லாம் சாயங்காலம் ஒரு கிளாஸ் வைன் போதும் என்றார். அவருடைய மூக்கைப் பார்த்தால் அவருக்குச் சாயங்காலம் காலையிலேயே வந்துவிடும் என்று தெரியும். வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் துணி துவைக்கும் பெண், அங்கே கண்ணை மூடி உட்காரச் சொல்லிக்கொடுக்கிறார்கள் அக்கா, மனசுல ஒண்ணுமே இல்லாம ஆயிடுமாம், என்றாள். மனசில் ஒன்றுமே இல்லாமல் ஆவதற்கு எதற்குடி கண்ணை மூடணும், உன்னைப் பார்த்தாலே போதுமே, என்றேன். பாவம், அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு யாரைக் கண்டாலும் ஆகவில்லை.

வலை பின்னிக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அதுக்கெல்லாம் இடம் குடுக்காத." இதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். மனசில் இடம் கொடுக்காதே. நானும் கொடுக்கவில்லை. பயம் வந்தால் பல்லைக் கடித்தேன். சாமி பாட்டைச் சத்தமாக வைத்தேன். நல்லதையே நினை நல்லதையே நினை என்று எனக்கு நானே அதட்டினேன். என்ன செய்தும் அது உள்ளேயேதான் இருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் கொழுத்தும் இருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகளையெல்லாம் கட்டிப்போட்ட சமயத்தில் படகுக்காரர் வீட்டுக்கு வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, நான் சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு, கோச்சுக்கறதா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்."

"நீ வராத நாள்ல என் மச்சான் பொண்டாட்டிய நிறுத்தினேன். அது கூவுறது பக்கத்துல நிக்கறவனுக்கே கேக்கல. வியாபாரிங்க சிரிக்கறாங்க. தடை முடிஞ்சு மொத நாள் படகு வரும்போது நீ நிக்கணும்க்கா. நீ வரலன்னா வேற ஆளுக்கு ஏலத்த நிரந்தரமா குடுத்துடுவேன். நானும் எத்தனை நாளு பாக்கறது?"

நியாயமான பேச்சு. அதனால்தான் அவ்வளவு எரிச்சல் வந்தது. அவர் போனபிறகு அந்தக் குடிக்காத டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு அழுதேன். ஏலத் தரை போய்விட்டால் நான் யார்? குருசுக்குப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி. ஐம்பத்திரண்டு வயதில்.

என் மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவள்தான், "ம்மா, இது நெஞ்சு வியாதி இல்ல, பதற்றம். கெளம்பு" என்று அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தெரிந்த முகம் யாராவது வந்து தொலைப்பார்களோ என்று முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரில் எங்கள் கூடைக்காரி ஒருத்தி இதேபோல் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவரும் கண் டாக்டரைப் பார்க்க வந்ததாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தார், நிறையக் கேட்டார், பிறகு பக்கத்து அறையிலிருந்த ஆலோசகரிடம் அனுப்பினார். பார்த்தால் என் மகளைவிட இரண்டு வயது பெரியவளாக இருப்பாள். மேஜையில் தண்ணீர் பாட்டில், தலைக்கு மேல் கிறீச் கிறீச்சென்று ஒரு மின்விசிறி. இந்தப் பொண்ணா எனக்குப் புத்தி சொல்லப்போகுது என்று நினைத்தேன். ஆனால் அவள் புத்தி எதுவும் சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "பயம் வரும்போது என்ன செய்வீங்கம்மா?"

"தொரத்துவேன்."

"போகுதா?"

"போனா இங்க ஏன் வர்றேன்?"

சிரித்தாள். பிறகுதான் அந்தச் சொல்லைச் சொன்னாள். "தொரத்தாம, அதுக்குக் கொஞ்சம் இடம் குடுத்துப் பாக்கலாமா?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஊரே இடம் கொடுக்காதே என்கிறது. படித்த பெண், அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, இடம் கொடு என்கிறாள். "ஏம்மா, நான் செத்துடுவேன்னு என் மனசு சொல்லுது. ஆமாம்பா செத்துடுறேன்னு நான் ஒத்துக்கணுமா? அதுக்கா நூத்தம்பது பேருக்குப் பின்னாடி சீட்டு வாங்கி உக்காந்திருந்தேன்?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒத்துக்க வேணாம். அது சொல்றது நெஜம்னு நான் சொல்லவே இல்ல. உங்க நெஞ்ச சோதிச்சுப் பாத்தாச்சு, நல்லா இருக்கு. புதுசா, வேற மாதிரி வலி வந்தா டாக்டர்ட்ட காட்டணும், அது வேற விஷயம். இது பயம். பயத்துல நெஞ்சு அடிச்சுக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும். ரொம்பக் கஷ்டமா இருக்கும், ஆனா ஒசந்துட்டு அதுவா எறங்கும். நீங்க அது கூட மல்லுக்கு நிக்கறதாலதான் அது இன்னும் பெருசாகுது. அது வந்தா வந்துட்டுப் போகட்டும். நீங்க உங்க வேலையப் பாருங்க. அதத்தான் இடம் குடுக்கறதுன்னு சொன்னேன்."

அதன்பிறகு ஒரு இலக்கணப் பாடம் நடத்தினாள். "நான் விழப்போறேன்" என்று சொல்லாமல், "நான் விழப்போறேங்கற நெனப்பு ஒண்ணு வருது" என்று சொல்லிப் பார்க்க வேண்டுமாம். பாம்புக்கு இன்னொரு வாலை ஒட்டிவிட்டால் அது கடிக்காமல் விட்டுவிடுமா என்று கேட்டேன். அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். என்னத்தை எழுதினாளோ.

அடுத்து, கண்ணை மூடி ஒரு ஆற்றை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். தண்ணீரில் இலைகள் மிதந்து போகின்றன. வருகிற ஒவ்வொரு நினைப்பையும் ஒரு இலைமேல் வைத்தால் அது பாட்டுக்குப் போகும், நாம் கரையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். நானும் கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்த ஓடுகிற தண்ணீர் எங்கள் ஊர் வாய்க்கால்தான். அதில் பிளாஸ்டிக் பை, செருப்பு, ஒரு செத்த எலி. எல்லாம் பாலத்துக்கடியில் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இலை ஒன்று வந்தது, அதுவும் எலிமேல் போய் மோதி நின்றுவிட்டது.

"போகலம்மா. அடைச்சுக்கிச்சு" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பெண்ணை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. "சரி, ஆறு வேணாம். உங்க கண்ணு முன்னாடி தெனமும் வந்துட்டு அது பாட்டுக்குப் போறது எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ஏலத்தைச் சொன்னேன். வேறென்ன தெரியும் எனக்கு? ஒரு காலையில் எத்தனை குவியலுக்குக் கூவுகிறேன். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாவற்றையுமா வாங்குகிறார்கள்? தனக்கு வேண்டியது வரும்வரை சும்மா நிற்பார்கள். நான் முகத்துக்கு நேரே போய்க் கத்தினாலும் வெற்றிலையை மென்றுகொண்டு நிற்பார்கள்.

"அப்ப யாரு மாட்டுவாங்க?" என்றாள்.

"பதில் பேசறவன்தான். 'அடியே அநியாயமா கேக்கற, இதெல்லாம் ஒரு மீனா'ன்னு எவன் சண்டைக்கு வர்றானோ அவன் தலையிலதான் அதக் கட்டுவேன். வாயத் தொறந்துட்டான்ல, இனி நான் விட மாட்டேன். திட்டறவன்தான் எனக்கு நல்ல..."

பாதியில் நிறுத்திவிட்டேன். மின்விசிறி கிறீச்சென்றது. அவள் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள், கெட்டிக்காரி. இருபத்திரண்டு வருடம் ஏலம் போட்டவளுக்கு, தன் தலைக்குள்ளேயே ஒருத்தி நின்று கூவுவது தெரியவில்லை. செத்தேடி, விழுந்தேடி, மானம் போச்சேடி என்று அவள் கூவக் கூவ, இல்லை இல்லை என்று நான் மல்லுக்கு நின்று, அழுகல் மீனையெல்லாம் வாங்கி வாங்கி வீட்டில் அடுக்கியிருக்கிறேன். என் தரையில் எந்த மடையனும் செய்யாத வியாபாரம்.

"அவ வாய மூட முடியாதா?" என்று கேட்டேன்.

"உங்க வாய யாராவது மூடியிருக்காங்களா?"

இல்லைதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் பெரிய ஞானியாகிவிட்டேன். மறுநாள் வீட்டுக்காரர் தூண்ட, துறைமுகப் பக்கம் ஆட்டோவில் கிளம்பினேன். படகுகள் கட்டிக்கிடக்கின்றன, தரை காலி, இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்ணும் சொல்லியிருந்தாள். பாலம் தாண்டியதும் நெஞ்சு அடித்தது. சரி, வா, இடம் கொடுத்தாயிற்று என்று கையைக் கட்டிக்கொண்டேன். உள்ளே இருந்தவள் கூவினாள். நான் பதில் பேசவில்லை. போய்விட்டாளா என்று பார்த்தேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தேன். இப்போது? இன்னும் இருக்கிறாள். நாடியைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன், முன்னைவிட வேகம். காலித் தரையில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்த அறைக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு நுழைந்தேன். "நீ சொன்னமாதிரியே இடம் குடுத்தேன். கையக் கட்டிக்கிட்டுதான் நின்னேன். அது போகவே இல்ல. ஏமாத்து வேல!"

"போகணும்னா இடம் குடுத்தீங்க?"

"பின்ன எதுக்குக் குடுப்பாங்க?"

"போயிடுச்சா போயிடுச்சான்னு எத்தனை தடவ பாத்தீங்க?"

நான் எண்ணவில்லை. ஆனால் அந்தக் கேள்வியிலேயே என் குட்டு உடைந்துவிட்டது. எங்கள் தரையில் ஒருவகை வியாபாரி உண்டு. கையைக் கட்டிக்கொண்டு, எனக்கென்ன என்று கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆனால் ஓரக்கண் மட்டும் மீன்மேலேயே இருக்கும். அவன் அசட்டையாக நிற்கிறான் என்று புதிதாக வந்தவள்தான் ஏமாறுவாள். நான் அவனைப் பார்த்துத்தான் கூவுவேன். ஓரக்கண் வைத்தவன் பாதி வாங்கிவிட்டவன். நான் செய்ததும் அதே ஓரக்கண் வேலைதான்.

இதை நான் சொன்னதும் அவள் மறுபடியும் நோட்டில் எழுதினாள். இந்தமுறை என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். 'ஓரக்கண்' என்று எழுதியிருந்தாள்.

"போகறதுக்காக இடம் குடுத்தா அதுவும் தொரத்தறதுதான்மா" என்றாள். "போனா போகட்டும், இருந்தா இருக்கட்டும். அது இருக்கும்போதே நீங்க என்ன செய்யணுமோ அதச் செய்யறீங்களா, அத மட்டும் பாருங்க. சரி, அந்தத் தரையில உங்களுக்கு என்ன வேணும்?"

பயம் போக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. "மூணுதரம் சொல்லணும்" என்றேன்.

"பயம் இல்லாமயா?"

"எப்படியோ. சொல்லணும்."

அதற்குப் பிறகு தடைக்காலம் முடியும்வரை வாரத்தில் நாலு நாள் காலித் தரைக்குப் போனேன். முதலில் இரண்டு நிமிடம் நின்றேன், பிறகு பத்து நிமிடம். பயம் வந்தது. சில நாள் வந்துவிட்டுப் போனது. சில நாள் வீடு வரைக்கும் கூடவே வந்து, சோறு வடிக்கும்போதும் பக்கத்தில் நின்றது. "விழப்போறேங்கற நெனப்பு வருது" என்று அந்த இலக்கணத்தையும் சொல்லிப் பார்த்தேன். கேலி பண்ணியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், ஆனால் அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அப்படிச் சொன்னால் அது என் குரலாக இல்லாமல் பக்கத்துத் தரை ஏலக்காரியின் குரல்போல் கேட்டது. ஒருநாள் வலை பிரித்துக்கொண்டிருந்த பையன்கள், ஏலக்காரம்மா யார்கூடப் பேசுது என்று சிரித்தார்கள். உங்க அப்பன்கூட என்று சொல்லிவிட்டு நின்றேன்.

தடை முடிந்து முதல் படகு வந்த காலை. வானம் வெளுக்கும்போதே தரை நிறைந்துவிட்டது. இரண்டு மாதம் மீன் வாசமில்லாமல் காய்ந்து கிடந்தவர்கள் கூடையும் பெட்டியுமாக முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். நொறுக்கு ஐஸ் வண்டியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. படகுக்காரரின் மச்சான் பெண்டாட்டி ஓரமாக, புதுச்சேலை கட்டிக்கொண்டு, நான் எப்போது விழுவேன் என்று பார்த்துக்கொண்டு தயாராக நின்றாள். வாழ்க அவள் நல்ல மனசு.

"முடியுமாக்கா?" என்றார் படகுக்காரர், மெதுவாக.

"தெரியாது. கொட்டு மீன."

முதலில் சங்கரா. அது எப்படியோ போய்விட்டது. அடுத்துக் காரப்பொடி மீன். பிறகு வஞ்சிரம் வந்து விழுந்தது, அன்றைக்கு விழுந்தது போலவே, வெள்ளையாக. அந்த இரண்டு மகராசன்களும் முன்வரிசையில். கூவ ஆரம்பித்தேன். ஒருவர் ஏற்றினார், மற்றவர் ஏற்றினார். என் நெஞ்சுக்குள் அவள் எழுந்துகொண்டாள்.

செத்தேடி, என்றாள். கை மரத்தது. பாரு எல்லாரும் பாக்கறாங்க, இப்ப விழப்போற, மானம் போவப்போவுது. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. போகிறாளா என்று ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, சத்தியமாக. அவள் தொண்டை கிழியக் கத்தினாள், நானும் என் தொண்டை கிழியக் கத்தினேன். குரல் நடுங்கியது. முன்வரிசைக்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். வியர்வை கண்ணில் இறங்கியது.

ஒருவர் நின்றார். மற்றவரைப் பார்த்து, "ஒருதரம்" என்றேன்.

"ரெண்டுதரம்."

கூடைக்காரப் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். எல்லாருக்கும் அந்த மாசி மாதத்துக் காலை ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மச்சான் பெண்டாட்டி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். நெஞ்சு அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பயம் ஒரு இழைகூடக் குறையவில்லை. குறைந்தபிறகு சொல்லலாம் என்று நான் காத்திருந்தால் இன்றைக்கும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

"மூணுதரம்!"

முகத்துவாரம் வரைக்கும் கேட்டதா என்று தெரியாது. முன்வரிசைக்குக் கேட்டது. மீன் கைமாறியது. படகுக்காரர் அடுத்த பெட்டியை என் காலடியில் கவிழ்த்தார். கவிழ்க்கும்போது அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

அன்று அந்தத் தரையில் நெஞ்சுக்குள் கூவியவளும் நானுமாக இரண்டு பேர் ஏலம் போட்டோம். என் மீன்தான் விற்றது.